சவுண்ட் போர்டை ஒப்படைக்கும் குறிப்பு: நிகழ்ச்சி நாளன்று முதல் சுவிட்சிலிருந்து கடைசி கேபிள் வரை

அடுத்த நிகழ்ச்சியிலிருந்து கூடத்தின் சவுண்ட் போர்டில் நீங்கள்தான் உட்காரப் போகிறீர்கள். ஒருமுறை நேரில் காட்டியிருக்கிறேன். ஆனால் எதிரே கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது காட்டியது எதுவும் சட்டென்று நினைவுக்கு வராது. அதனால் எழுதியே தருகிறேன். முதல் தடவை வரிசையாகப் படியுங்கள், அப்புறம் தேவையான இடத்தை மட்டும் புரட்டினால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை பேசுகிறவரின் வாய்க்கும் மைக்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் தொடங்குகின்றன. அதைப் போர்டில் உட்கார்ந்தபடி திருத்த முயன்றால் ஊளைதான் மிஞ்சும். எழுந்து போய் மைக்கைத் திருப்பத் தயங்காதவருக்கு இந்த வேலை சுலபம்.

எது எங்கே செருகியிருக்கிறது

நம்முடையது பன்னிரண்டு சேனல் அனலாக் போர்டு. முதல் சேனல் மேசை மைக், அதாவது பேச்சாளர் மேசையில் வளையும் கழுத்தோடு நிற்பது. 2, 3 இரண்டும் கையில் பிடிக்கும் வயர்லெஸ் மைக்குகள். 4, 5 பாடுகிறவர்களுக்கான ஸ்டாண்டு மைக்குகள். 9, 10 லேப்டாப். ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி எழுதியிருக்கிறேன். ஏற்பாடு மாறினால் பழைய டேப்பின்மேல் அடித்து எழுதாமல் புதிது ஒட்டுங்கள், இருட்டில் அடித்தல் திருத்தல் தெரியாது. ஆறாவது சேனலின் ஃபேடர் நகர்த்தும்போது கரகரக்கும். அதை விட்டுவிடுங்கள்.

மேடைக்கு இரு பக்கமும் இரண்டு பவர்டு ஸ்பீக்கர்கள். மேடையின் தரையில் பாடுகிறவர்களைப் பார்த்தபடி ஒரு மானிட்டர். அதற்கான ஒலி முதல் ஆக்ஸ் என்ற தனி வெளியீட்டிலிருந்து போகிறது. மெயின் ஃபேடரைக் குறைத்தாலும் மானிட்டர் குறையாது. ஊளை வரும்போது இதை மறந்துவிட்டுத்தான் பலரும் தவறான ஃபேடரைப் பிடித்து இழுக்கிறார்கள்.

சுவிட்சு போடும் வரிசை

கூட்டம் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வாருங்கள். ஒரு மணி நேரம் போதும் என்று தோன்றும், ஆனால் மேடை அலங்காரம் செய்கிறவர்கள் ஸ்பீக்கர் ஸ்டாண்டை நகர்த்தியிருப்பார்கள், கேபிளின்மேல் நாற்காலி இருக்கும்.

எல்லா ஃபேடர்களும் கீழே இருக்கட்டும். முதலில் லேப்டாப், வயர்லெஸ் ரிசீவர், பிறகு போர்டு, கடைசியாகத்தான் ஸ்பீக்கர்கள். அணைக்கும்போது நேர்மாறாக, ஸ்பீக்கர் முதலில். காரணம் எளிது: போர்டுக்கு மின்சாரம் வரும்போதும் போகும்போதும் ஒரு பெரிய உதறல் சிக்னலில் வரும். ஸ்பீக்கர் விழித்திருந்தால் அது "டப்" என்று வெடிக்கும், அதில் உயர் ஒலிக்கான சின்ன டிரைவர் போய்விடலாம்.

கேபிள் வழியே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரமான ஃபாண்டம் பவரும் இதே கதைதான். மேசை மைக் கண்டென்சர் வகை, அது இல்லாமல் வேலை செய்யாது. நம் போர்டில் எல்லா சேனல்களுக்கும் ஒரே சுவிட்சு. ஒழுங்கான எக்ஸ்எல்ஆர் கேபிளில் இருக்கும் டைனமிக் மைக்குகளுக்கு அதனால் கெடுதல் இல்லை. மெயின் ஃபேடர் கீழே இருக்கும்போது போட்டு, அரை நிமிடம் விட்டுப் பிறகு ஏற்றுங்கள். ஒருமுறை ஃபேடர் மேலே இருப்பதைப் பார்க்காமல் போட்டுவிட்டேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தை அலறி அழுதது. அன்றிலிருந்து கையை மெயின் ஃபேடரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த சுவிட்சைத் தொடுகிறேன்.

ஒவ்வொரு மைக்குக்கும் கெய்ன்

ஃபேடரும் கெய்னும் ஒன்று என்று நினைத்துவிட்டால் அன்றைய நாள் முழுவதும் குழப்பம்தான். மேலே இருக்கும் கெய்ன் குமிழ், மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் போர்டு கையாளக்கூடிய அளவுக்கு உயர்த்துகிறது. கீழே இருக்கும் ஃபேடர், அதில் எவ்வளவைக் கூடத்துக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. கெய்ன் குறைவாக இருந்தால் ஃபேடரை எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சலும் சேர்ந்து ஏறும். அதிகமாக இருந்தால் குரல் உடைந்து கரகரவென்று வரும், ஃபேடரை இறக்கினாலும் அந்த உடைவு போகாது.

செய்ய வேண்டியது இது. ஒருவரை மைக் முன்னால் நிறுத்தி, அவர் மேடையில் எப்படிப் பேசுவாரோ அதே குரலில் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு" என்று சொல்லச் சொன்னால் யாரும் தன் இயல்பான குரலில் சொல்வதில்லை. மைக்கைத் தட்டவோ ஊதவோ விட வேண்டாம். அந்த சேனலின் பி.எஃப்.எல். பொத்தானை அழுத்துங்கள், மீட்டரில் அந்த மைக் மட்டும் தெரியும். விளக்குகள் பெரும்பாலும் 0 அருகில் ஆடி, அழுத்திச் சொல்லும் சொற்களில் மட்டும் மஞ்சளைத் தொட வேண்டும். சிவப்பு எரியவே கூடாது. அங்கே கெய்னை நிறுத்திவிட்டுப் பொத்தானை விடுங்கள். அதற்கப்புறம் நிகழ்ச்சி முடியும்வரை கெய்னைத் தொடாதீர்கள், ஏற்ற இறக்கமெல்லாம் ஃபேடரில்தான்.

பேச்சு மைக்குகள் எல்லாவற்றிலும் லோ கட் பொத்தானை அழுத்தி வையுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மனிதப் பேச்சுக்குத் தேவையானது எதுவும் இல்லை. அங்கே இருப்பது மேடைப் பலகையில் நடக்கும் ஓசை, மின்விசிறிக் காற்று, மைக்கைக் கை மாற்றும் உருட்டல், இவைதான்.

ஊளை: எங்கிருந்து வருகிறது, எப்படி அடக்குவது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மைக்கில் விழும் ஒலி ஸ்பீக்கரில் வருகிறது. ஸ்பீக்கரில் வந்ததில் ஒரு பங்கு கூடத்தில் சுற்றி மறுபடி மைக்கில் விழுகிறது. திரும்பி வருவது முதலில் போனதைவிடச் சின்னதாக இருக்கும்வரை தொல்லை இல்லை. ஏதோ ஒரு அலைவரிசையில் அது முதலில் போனதைத் தாண்டிவிட்டால், சுற்றுக்குச் சுற்று வளர்ந்து ஊளையாகிறது. ஆகவே நம் வேலை இரண்டுதான்: மைக்குக்கு வாயிலிருந்து அதிகம் போக வேண்டும், ஸ்பீக்கரிலிருந்து குறைவாகப் போக வேண்டும்.

ஸ்பீக்கரில் தொடங்குவோம். இரண்டு ஸ்பீக்கர்களும் எல்லா மைக்குகளுக்கும் முன்னால், கூட்டத்தின் பக்கம் இருக்க வேண்டும். பேசுகிறவர் ஸ்பீக்கரின் முகத்துக்கு எதிரே வரவே கூடாது. மேடை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது முன்னே தள்ளி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே உயர்த்தி, கடைசி வரிசைக்கு முந்தைய வரிசையைப் பார்க்கும்படி திருப்புங்கள். பக்கச் சுவரைப் பார்த்தால் ஒலி அதில் மோதி மேடைக்கே திரும்பும்.

அடுத்தது தூரம். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் மைக்கில் விழும் குரல் 6 டெசிபல் கூடுகிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அப்படியேதான் இருக்கிறது. 40 சென்டிமீட்டரில் நிற்கிறவரை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தால் இரண்டு தடவை பாதியாகிறது, 12 டெசிபல் லாபம். போர்டில் இருக்கும் எந்தக் குமிழாலும் ஊளை இல்லாமல் இவ்வளவு தர முடியாது. கைமைக் பிடிக்கிறவருக்கு நான் சொல்வது இதுதான்: "மோவாய்க்குப் பக்கத்தில், வாயின் ஓரத்தைப் பார்த்து, நான்கு விரல் தூரத்தில் வையுங்கள்." நேர் எதிரே வைத்தால் "ப" வரும் இடமெல்லாம் காற்று முட்டிப் பொத்துபொத்தென்று கேட்கும். மிக அருகில் வரும்போது குரலில் அடி ஒலி தடிக்கும், லோ கட் போட்டது அதற்கும் உதவும். இன்னும் தடித்தால் லோ குமிழைச் சற்று இறக்குங்கள்.

மைக்கின் கம்பி வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிப்பவர்களைக் கண்டால் உடனே சொல்லுங்கள். நம் மைக்குகள் முன்னால் இருப்பதை மட்டும் கேட்கும் வகை. பின்பக்க ஒலியைத் தள்ளிவிடும் துளைகள் அந்த வலைக்குள்தான் இருக்கின்றன. கை மூடியதும் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்குகிறது, உடனே ஊளை வருகிறது. ஊளை கேட்டதும் பலர் பதறிப் போய் இன்னும் இறுக்கி மூடுவார்கள்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். அது இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஊளைக்கு முன் நமக்கு இருக்கும் இடம் ஏறத்தாழ 3 டெசிபல் குறைகிறது. நான்கு மைக்குகள் திறந்து கிடக்க ஒருவர் மட்டும் பேசினால் 6 டெசிபலை வீணாக விட்டுக்கொடுத்திருக்கிறோம். பேசாத மைக்கின் மியூட் பொத்தானை அழுத்துவது பேசுகிறவருக்குச் செய்யும் உதவி.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஈக்யூ. ஒரு மைக்கை மட்டும் திறந்து, ஃபேடரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். லேசாக ஒரு ராகம் இழுபடத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது மிட் குமிழை 6 டெசிபல் அளவுக்கு இறக்கி, பக்கத்தில் இருக்கும் அலைவரிசைக் குமிழை மெல்லச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் அந்த இழுப்பு அறுந்துவிடும். அதுதான் இடம். சுற்றுவதற்கு முன் காதால் ஊகிக்கலாம்: "ஊ" என்று கூவினால் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் பக்கம், விசிலடிப்பது போல் இருந்தால் 1,000 முதல் 2,000, காதைக் கிழிக்கும் கீச்சு என்றால் அதற்கும் மேலே. இடம் தெரிந்ததும், இழுப்பு மறையத் தேவையான அளவு மட்டும் இறக்கி வையுங்கள். மொத்தமாக இறக்கினால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். கடைசியாக, ஊளை தொடங்கிய ஃபேடர் நிலையிலிருந்து 6 டெசிபல் கீழே ஒரு சின்ன டேப் துண்டு ஒட்டுங்கள். நிகழ்ச்சியில் அதைத் தாண்டக் கூடாது.

காலிக் கூடத்தில் செய்த சோதனை, கூட்டம் வந்ததும் கொஞ்சம் மாறும். மனிதர்களும் அவர்களின் உடைகளும் ஒலியை, அதிலும் உயர் ஒலியை, நன்றாக விழுங்குவார்கள். எதிரொலி குறையும், அதனால் ஃபேடரைச் சற்று ஏற்ற வேண்டிவரும். அப்போதும் அந்த டேப் துண்டைத் தாண்டாதீர்கள்.

லேப்டாப்

இங்கே ஒரு கேபிளில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு முனையில் ஹெட்போன் பிளக்கும் மறுமுனையில் இரண்டு பெரிய பிளக்குகளுமாகப் பிரியும் கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள், 9-இலும் 10-இலும் ஒவ்வொன்று. ஒருநாள் அது கிடைக்காமல், இரு முனையிலும் ஒற்றை ஸ்டீரியோ பிளக் இருக்கும் கேபிளை எடுத்து ஒரே சேனலில் செருகினேன். இசை ஒலித்தது, பாடகரின் குரல் மட்டும் காணவில்லை. நடனக் குழந்தைகள் எந்த வரியில் ஆடுவது என்று தெரியாமல் நின்றார்கள். அந்த வகை உள்ளீடு இரண்டு தடங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். குரல் இரு தடத்திலும் ஒரே மாதிரி பதிவாகியிருப்பதால் கழிந்துபோகிறது. பாட்டு கேட்கிறது, குரல் இல்லை என்றால் கோப்பைச் சந்தேகிக்காதீர்கள், கேபிளைப் பாருங்கள்.

லேப்டாப் ஒலியை முக்கால் பங்கில் வைத்து மீதியைப் போர்டில் சரி செய்யுங்கள். அறிவிப்பு ஓசைகளை அணைத்து, இணையத்தைத் துண்டித்து, எல்லாப் பாடல்களையும் முன்கூட்டியே அதிலேயே சேமித்து வையுங்கள். "ம்ம்ம்" என்று தொடர் உறுமல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் மின் இணைப்பின் தரைக் கம்பி வழியே வருகிறது என்று அர்த்தம். பேட்டரியில் ஓட்டலாம், அல்லது பெட்டியில் இருக்கும் டி.ஐ. பாக்ஸை இடையில் போட்டு அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளலாம். பிளக்கிலிருந்து எர்த் பின்னை எடுத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கே ஆபத்து, யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

வயர்லெஸ்

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புது பேட்டரி. பாதி தீர்ந்தது என்று தெரிந்தும் மிச்சம் பிடிக்க வேண்டாம். ரிசீவரை மேசைக்கு அடியில் ஒளித்து வைக்காமல், ஆன்டெனாக்கள் மேடையைப் பார்க்கும்படி மேலே வையுங்கள். மனித உடம்பு ரேடியோ அலையை விழுங்கும், கூட்டம் எழுந்து நிற்கும்போது சிக்னல் அறுவது அதனால்தான். மைக்கை அணைக்கும் முன் அந்த சேனலை மியூட் செய்யுங்கள்.

ஒரு பேச்சை முழுதாகப் பார்ப்போம்

போன நிகழ்ச்சியில் நடந்தது. தொகுப்பாளர் இரண்டாவது மைக்கில் அறிவித்துவிட்டு அமர்ந்தார். விருந்தினர் மேசைக்கு வந்தார். மெல்லிய குரல், காகிதத்தைப் பார்த்தே படித்தார், நிமிர்ந்து நின்றதால் மைக் அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது. வாயிலிருந்து 40 சென்டிமீட்டர் இருக்கும். பின்வரிசையில் சிலர் காதுக்குக் கை வைத்தார்கள். ஃபேடரை ஏற்றினேன், டேப் துண்டைத் தொட்டதுமே சொற்களின் முடிவில் "ஈ" என்று ஒரு வால் ஒட்டத் தொடங்கியது. ஊளை வரப்போகிறது என்பதற்கு அந்த வால்தான் அறிகுறி. அது கேட்டால் ஏற்றுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

முதலில் போர்டைப் பார்த்தேன். தொகுப்பாளரின் மைக் மடியில் திறந்து கிடந்தது, பாட்டுக்கு வைத்த இரண்டு ஸ்டாண்டு மைக்குகளும் அப்படியே. மூன்றையும் மியூட் செய்ததும் வால் மறைந்தது. ஆனாலும் குரல் போதவில்லை. போர்டிலிருந்து சைகை காட்டிப் பயன் இல்லை, படிக்கிறவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். சுவரோரமாக நடந்து போய், அவர் காகிதத்தைப் புரட்டும் நேரத்தில் மேசையருகே சென்று, மைக்கின் கழுத்தை உயர்த்தி வாய்க்கு நேராக வளைத்தேன். அவர் தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தார். இப்போது தூரம் 10 சென்டிமீட்டர். திரும்பி வந்து ஃபேடரை 5 டெசிபல் இறக்கினேன். மைக்கில் 12 கூடி, ஃபேடரில் 5 குறைந்ததால், கூட்டத்துக்கு 7 டெசிபல் அதிகமாகக் கேட்டது, ஊளையிலிருந்தும் 5 டெசிபல் தள்ளி வந்துவிட்டோம். எழுந்து போய் வர ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போதெல்லாம் நிகழ்ச்சிக்கு முன்பே தொகுப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். அடுத்தவர் மேசைக்கு வந்ததும் மைக்கை அவர் உயரத்துக்குத் திருப்பிவிட்டு அமருங்கள் என்று. நீங்களும் கேட்டுப் பாருங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

திடீரென்று ஒலி நின்றால்

கை தானாக எல்லாக் குமிழ்களையும் திருப்பப் பார்க்கும். வேண்டாம். ஒரு மைக் மட்டுமா, எல்லாமுமா என்று முதலில் கேளுங்கள். எல்லாமும் என்றால் மெயின் ஃபேடர், ஸ்பீக்கர் மின்சாரம், ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள், இந்த வரிசை. ஒரு மைக் மட்டும் என்றால் அதன் மியூட் பொத்தான், பிறகு பி.எஃப்.எல். அழுத்தி மீட்டர். மீட்டர் ஆடினால் குறை ஃபேடரிலோ அதற்குப் பிறகோ. ஆடாவிட்டால் மைக்கிலோ கேபிளிலோ.

வயர்லெஸ் என்றால் ரிசீவரில் இரண்டு விளக்குகள் பாருங்கள். ஆர்.எஃப். எரியவில்லை என்றால் பேட்டரி தீர்ந்தது அல்லது மைக் அணைந்தது. அது எரிந்து, பேசும்போது ஏ.எஃப். மட்டும் எரியவில்லை என்றால் மைக்கின் உடம்பில் இருக்கும் மியூட் சுவிட்சை யாரோ தள்ளியிருக்கிறார்கள். மாற்று வழியாக மூன்றாவது மைக்கை எப்போதும் தயாராக, மியூட்டில், உங்கள் பக்கத்திலேயே வைத்திருங்கள். காரணம் தேடுவதற்கு முன்னால் அதைக் கொண்டு போய்க் கொடுங்கள். தேடலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

முடிந்த பிறகு

கடைசி நபர் இறங்கியதும் எல்லா ஃபேடர்களும் கீழே, ஸ்பீக்கர்கள், போர்டு, மற்றவை. வயர்லெஸ் மைக்குகளிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், உள்ளேயே கசிந்தால் தொடுமுனைகள் அரித்துவிடும். கேபிளை முழங்கையில் சுற்ற வேண்டாம், உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு சில மாதங்களில் அறும். ஒரு வளையம் நேராகவும் அடுத்தது திருப்பியும் போட்டுச் சுற்றினால், அடுத்த முறை தூக்கி எறிந்ததும் நேராக விரியும். ஐந்து நிமிடம் பழகினால் கை பிடித்துக்கொள்ளும். கேபிளில் கரகரப்பு கேட்டிருந்தால் அதன் பிளக்கில் சிவப்பு டேப் ஒட்டித் தனிப் பையில் போடுங்கள். இப்போது அந்தப் பையில் இரண்டு இருக்கின்றன. எனக்கு சால்டரிங் தெரியும், வார இறுதியில் வந்து சரி செய்து தருகிறேன். சாவி போர்டுப் பெட்டியின் மூடியில், உட்புற வலைப்பையில் இருக்கிறது.